இந்தோளம் கேட்ட செவிக்கு மால்கௌன்ஸ்

(வத்தளையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இலங்கையில் க.பொ.த. சாதாரண தரத்துக்கு இசையை ஒரு பாடமாக எடுக்கும் மாணவருக்கு மூன்று வழிகள் உண்டு: கர்நாடக சங்கீதம், கீழைத்தேய சங்கீதம், மேலைத்தேய சங்கீதம். தமிழ்ப் பாடசாலைப் பிள்ளை பெரும்பாலும் முதலாவதை எடுக்கிறது. சிங்களப் பாடசாலைப் பிள்ளை படிக்கும் கீழைத்தேய சங்கீதத்தின் ராகங்களும் தாளங்களும் வட இந்திய இந்துஸ்தானி முறையைச் சேர்ந்தவை. இதனால் வத்தளை போன்ற ஊரில் ஒரு வீட்டுப் பிள்ளை மோகனம் சாதகம் செய்ய, மதிலுக்கு அடுத்த பக்கத்துப் பிள்ளை பூபாலி சாதகம் செய்கிறது. இரண்டு ராகங்களுக்கும் அதே ஐந்து சுரங்கள்தான். ஆனாலும் ஒரு வீட்டுப் பாட்டு மற்ற வீட்டாருக்கு எளிதில் பிடிபடுவதில்லை.

இந்துஸ்தானி இசை இங்கே வந்த ஒரு முக்கிய வழி லக்னோ வழி. விஷ்ணு நாராயண் பாத்கண்டே 1926இல் லக்னோவில் தொடங்கிவைத்த மாரிஸ் இசைக் கல்லூரி பின்னாளில் அவருடைய பெயரையே பெற்றது. வத்தளைக்கு வடக்கே ஜா-எல பகுதியில் பிறந்த சுனில் சாந்த அங்கே படித்தவர். அவருக்குப் பின் டபிள்யூ. டி. அமரதேவவும் அங்கே படித்தார். 1952இல் இலங்கை வானொலிப் பாடகர்களைத் தரம் பிரிப்பதற்கு அந்தக் கல்லூரியின் அதிபர் எஸ். என். ரத்தன்ஜன்கர் அழைக்கப்பட்டார். அந்தத் தேர்வுக்குத் தோற்ற சுனில் சாந்த மறுத்தார். அதனால் வானொலியில் பாடும் வாய்ப்பை இழந்தார். வட இந்திய இசையைக் கொண்டு இந்நாட்டுப் பாடகரை அளக்கலாமா என்ற கேள்வி அன்றே அவ்வளவு சூடாக எழுந்திருக்கிறது.

இந்தச் சொற்பொழிவு அந்த வழக்குக்குள் போகவில்லை. வட இலங்கைச் சங்கீத சபையின் தரங்களில் இரண்டு மூன்றைக் கடந்த ஒருவர், அல்லது அப்படிக் கடந்த பிள்ளையின் தாயோ தகப்பனோ, கொழும்பில் முதன்முறையாக ஓர் இந்துஸ்தானி வாய்ப்பாட்டுக் கச்சேரிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ராக், தால், ஆலாப் என்ற சொற்கள் அவருக்குப் புதியவை அல்ல. ராகம், தாளம், ஆலாபனை என்று அவற்றை அவர் ஏற்கெனவே அறிவார். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. அவர் அறிந்த பொருள் மேடையில் அவர் எதிர்பார்க்கும் இடத்தில் வராது. ஆலாபனை முடிந்துவிட்டது என்று அவர் நினைக்கும்போது அது உண்மையில் தொடங்கியிருக்கும். தாளம் போட அவர் கையைத் தூக்கும்போது பாடகரின் கை வேறு வேலையில் இருக்கும்.

எனவே இங்கே வரைவிலக்கணங்களை வரிசையாக அடுக்காமல், ஒரே ஒரு ராகத்தைத் தம்புரா மீட்டத் தொடங்கியதிலிருந்து கடைசி வேகச் சுரக் கோவை வரை பின்தொடர்வோம். அந்த ராகம் மால்கௌன்ஸ். தமிழ்ச் செவிக்கு அது இந்தோளமாக ஏற்கெனவே பழக்கம்.

1. ராகம்: அதே ஐந்து சுரங்கள்

இந்தோளத்தின் சுரங்கள் ஸ, க, ம, த, நி. ரிஷபமும் பஞ்சமமும் இல்லை. காந்தாரம் சாதாரணம், மத்தியமம் சுத்தம், தைவதம் சுத்தம், நிஷாதம் கைசிகி. தியாகராஜரின் ‘சாமஜவரகமனா’ இதில் அமைந்தது. 1986இல் வந்த ‘தர்மபத்தினி’ படத்தில் இளையராஜாவும் எஸ். ஜானகியும் பாடிய செவ்வந்திப் பூப் பாட்டும் இதுவே. மால்கௌன்ஸின் சுரங்களும் இவையே. 1952இல் வந்த ‘பைஜு பாவ்ரா’ படத்தில் நௌஷாத் இசையில் முகமது ரஃபி பாடிய பக்திப் பாட்டு மால்கௌன்ஸ்.

சுரங்கள் ஒன்றென்றால் வேறுபாடு எங்கே? இரண்டு இடங்களில் அதைக் கேட்கலாம். முதலாவது, பாரம் விழும் சுரம். இந்துஸ்தானி முறையில் ஒவ்வொரு ராகத்துக்கும் முதன்மைச் சுரம் ஒன்றும் துணைச் சுரம் ஒன்றும் சொல்லப்படும். அவை வாதி, சம்வாதி. மால்கௌன்ஸில் வாதி மத்தியமம், சம்வாதி ஸட்ஜம். பாடகர் எங்கே சுற்றினாலும் மத்தியமத்தில் வந்து நிற்பார். நீண்ட நேரம் நிற்பார். அங்கிருந்து காந்தாரத்தைத் தொட்டு, மறுபடி மத்தியமத்துக்குப் போய், காந்தாரம் வழியாக ஸட்ஜத்தில் இறங்குவார். ‘க ம க ஸ’ என்ற இந்த இறக்கத்தைப் பத்து நிமிடத்துக்குள் பல முறை கேட்கலாம். ராகத்தின் கையொப்பம் அது.

இரண்டாவது, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் விதம். இந்தோளத்தில் காந்தாரமும் தைவதமும் நிஷாதமும் கமகத்தோடு அசைந்து வருகின்றன. மால்கௌன்ஸில் சுரம் பெரும்பாலும் அசையாமல் நிற்கும்; பிறகு நிஷாதத்திலிருந்து தைவதத்துக்கும், தைவதத்திலிருந்து மத்தியமத்துக்கும் ஒரே மூச்சில் வழுக்கி இறங்கும். அந்த வழுக்கலுக்கு மீண்ட் என்று பெயர். கர்நாடக இசையில் இது ஜாரு. கர்நாடகக் கச்சேரியில் அசைவு நிறைந்த சுரங்களைக் கேட்டுப் பழகியவருக்கு இந்த அசையாத நிலை முதலில் வெறுமையாகத் தோன்றலாம். அங்கேதான் பொறுமையாகக் கேட்க வேண்டும். நிற்கும் சுரம் தம்புராவோடு முழுமையாக ஒட்டுகிறதா, சற்று ஏறியோ இறங்கியோ உராய்கிறதா என்பதே அப்போது கேட்க வேண்டியது.

பெயர்கள் சில இடங்களில் ஏமாற்றும். நிகழ்ச்சித் தாளில் ‘ஹிந்தோல்’ என்று இருந்தால் அதை இந்தோளம் என்று எதிர்பார்க்கக் கூடாது. அது சுநாதவினோதினிக்கு நிகரான வேறு ராகம். அங்கே ‘தோடி’ என்றிருந்தால் அது நம் சுபபந்துவராளியின் சுரங்களில் ஒலிக்கும். நம் தோடியின் சுரங்கள் அவர்களுடைய பைரவியில் உள்ளன. யமனுக்கு நிகர் கல்யாணி, பைரவுக்கு நிகர் மாயாமாளவகௌளை என்று தெரிந்துவைத்திருந்தால் பாதித் தூரம் கடந்தாயிற்று.

ராகங்களை வகைப்படுத்துவதில் தெற்கின் பங்கும் உண்டு. பாத்கண்டே 1904இல் தென்னகத்தில் பயணம் செய்தார். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். வேங்கடமகியின் 72 மேளகர்த்தா முறையைப் படித்தார். அதற்குப் பிறகு அவர் வடக்கின் ராகங்களைப் பத்துத் தாட்டுகளில் அடக்கினார். மால்கௌன்ஸ் அவற்றில் பைரவித் தாட்டைச் சேர்ந்தது. ரிஷபமும் பஞ்சமமும் இல்லாத ராகத்தை எந்த வீட்டில் சேர்ப்பது என்பது ஓரளவு தெரிவுக்குரியது. தெற்கிலும் இந்தோளத்தை நடபைரவியின் ஜன்யம் என்போரும் தோடியின் ஜன்யம் என்போரும் உண்டு. கச்சேரி கேட்பவருக்குத் தாட்டு அவ்வளவு உதவாது. வாதி உதவும்.

2. தம்புரா சொல்லும் செய்தி

மேடையில் பாடகருக்குப் பின்னால் இரண்டு தம்புராக்கள் இருக்கும். வழக்கமாக நான்கு தந்திகளில் முதலாவது பஞ்சமம், அடுத்த இரண்டும் ஸட்ஜம், நான்காவது கீழ் ஸட்ஜம். மால்கௌன்ஸில் பஞ்சமமே இல்லை. ஆகவே முதல் தந்தியை மத்தியமத்துக்கு இறக்குவார்கள். கச்சேரியில் ராகத்தின் பெயரை அறிவிக்காவிட்டாலும் தம்புரா ‘ம ஸ ஸ ஸ’ என்று ஒலித்தால் பஞ்சமத்துக்கு இடமில்லாத, மத்தியமம் வலுத்த ராகம் வரப்போகிறது என்று ஊகிக்கலாம்.

முதல்முறை கேட்பவர் தடுமாறும் இடமும் இதுவே. மத்தியமத்திலிருந்து எண்ணினால் ஸட்ஜம் ஐந்தாம் இடத்தில் விழும். ஆகவே ‘ம ஸ’ என்ற தந்திச் சோடி, பழகிய ‘ஸ ப’ போலவே ஒலிக்கும். செவி மத்தியமத்தை ஸட்ஜமாக எடுத்துக்கொண்டுவிடும். அப்படி எடுத்துக்கொண்டால் மால்கௌன்ஸின் அதே ஐந்து சுரங்கள் ஸ க ம ப நி என்று, அதாவது சுத்த தன்யாசியாகக் கேட்கும். கர்நாடக இசை மாணவர் இதைக் கிரக பேதம் என்று படித்திருப்பார். இங்கே அது செவிக்குள் தானாகவே நடந்துவிடுகிறது.

அதைத் திருத்திக்கொள்ள வழி உண்டு. தம்புராவில் மத்தியமம் ஒரு தந்தியில்தான் ஒலிக்கிறது, ஸட்ஜம் மூன்று தந்திகளில் ஒலிக்கிறது. தபலாவின் வலக்கை வாத்தியமும் பெரும்பாலும் ஸட்ஜத்துக்கே சேர்க்கப்படும். பாடகர் ஒரு நீண்ட சஞ்சாரத்தை முடித்து ஓய்ந்து நிற்கும் சுரமும் அதுவே. இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் சுத்த தன்யாசி மறைந்து இந்தோளத்தின் சாயல் தெரியத் தொடங்கும்.

பாடகருக்கு அருகே ஹார்மோனியமோ சாரங்கியோ இருக்கும். நம் கச்சேரியில் வயலின் செய்வதுபோல அது பாட்டை நிழலாகத் தொடரும். ஹார்மோனியத்தின் கட்டைகளுக்கு இடையே வழுக்க முடியாது. மீண்ட் வரும் இடத்தில் அது படிகளாகத்தான் வாசிக்கும். இந்தக் குறையும் சுருதி நுட்பம் பற்றிய வாதமும் சேர்ந்து அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தை விலக்கியே வைத்திருந்தது. சாரங்கி வில்லால் வாசிக்கப்படுவது, மீண்ட் அதற்கு இயல்பு. மேடையில் சாரங்கி இருந்தால் அது மத்தியமத்திலிருந்து காந்தாரத்துக்கு எப்படி இறங்குகிறது என்பதைக் குரலோடு ஒப்பிட்டுக் கேட்கலாம்.

3. ஆலாப்: தாளத்துக்குள் தொடரும் ஆலாபனை

கர்நாடகக் கச்சேரியில் ஒரு பெரிய உருப்படிக்கு முன் ஆலாபனை வரும். பாடகர் பாடுவார், வயலின் திரும்ப வாசிக்கும், மிருதங்கம் காத்திருக்கும். பிறகுதான் கீர்த்தனம். இந்தப் பழக்கத்தோடு போகிறவர், இந்துஸ்தானிப் பாடகர் கீழ்த் தைவதம், நிஷாதம், ஸட்ஜம், காந்தாரம், மத்தியமம் என்று மூன்று நான்கு நிமிடம் மட்டும் தொட்டுக் காட்டியதும் தபலா தொடங்குவதைக் கண்டு, ‘ஆலாபனை இவ்வளவுதானா?’ என்று நினைப்பார்.

அது ஆலாப் அல்ல, அதன் முகவுரை. கயால் என்ற பாட்டு வகையில் பெரிய ஆலாப் தாளத்துக்குள்தான் நடக்கிறது. முதலில் பந்திஷ் என்னும் சிறு பாட்டின் ஸ்தாயி பாடப்படும். நம் பல்லவிக்கு நெருக்கமான பகுதி அது. இரண்டு மூன்று வரிகள்தான். பிறகு தபலா மிக மெதுவான தாளத்தை வட்டம் வட்டமாக வாசித்துக்கொண்டிருக்க, பாடகர் அதன்மேல் சுரம் சுரமாக ராகத்தை விரிப்பார். ஒவ்வொரு வட்டத்தின் முடிவிலும் பந்திஷின் முதற் சொற்களுக்குத் திரும்பி வருவார். இது நம் பல்லவியில் நிரவல் நடக்கும் விதத்தை நினைவூட்டும். ஆனால் நிரவலில் சொற்கள் தாளத்தோடு இறுகக் கட்டப்பட்டிருக்கும். இங்கே வட்டத்தின் நடுப்பகுதியில் பாடகர் தாளத்தின் பிடியிலிருந்து விலகி, ஆலாபனை பாடும் சுதந்திரத்தோடு பாடுகிறார். வட்டம் முடிவதற்குச் சற்று முன்புதான் தாளத்துக்குள் மீள்கிறார்.

மால்கௌன்ஸில் அந்த விரிவு பெரும்பாலும் இப்படிப் போகும். முதற் சில வட்டங்கள் கீழ் ஸ்தாயியில், மந்திர தைவதத்தையும் நிஷாதத்தையும் சுற்றி, ஸட்ஜத்துக்கு வந்து சேர்வதற்கு. பிறகு ஒரு வட்டமோ இரண்டோ காந்தாரத்துக்கு. அதன்பின் மத்தியமம், வாதி என்பதால் இங்கே நீண்ட நேரம் செலவாகும். பிறகு தைவதம், நிஷாதம். தார ஸட்ஜத்தைப் பாடகர் உடனே தொடமாட்டார். நிஷாதத்தில் நின்று, அதன் விளிம்பு வரை போய்த் திரும்பித் திரும்பி வருவார். கடைசியில் தார ஸட்ஜத்தில் ஏறி நிற்கும்போது கச்சேரி தொடங்கிப் பதினைந்து இருபது நிமிடம் ஆகியிருக்கும். அங்கிருந்து பந்திஷின் இரண்டாம் பகுதியான அந்தரா தொடங்கும். அடுத்துத் தொடப்போகும் சுரம் எது என்று ஒரு வட்டம் முன்பே எதிர்பார்க்கத் தொடங்கியவருக்கு இந்த இருபது நிமிடம் நீளமாகத் தோன்றாது.

இவ்வாறு ஒரு சுரத்தை முழுதும் கண்ட பின்பே அடுத்ததற்குப் போகும் முறைக்குப் பெயர்பெற்றது கிரானா கரானா என்னும் பாடகர் பரம்பரை. அதன் தலைவரான உஸ்தாத் அப்துல் கரீம் கான் 1872இல் உத்தரப் பிரதேசத்தின் கைரானாவில் பிறந்தவர். அவருடைய வாழ்வு தமிழ் மண்ணில் முடிந்தது. 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் போகும் வழியில் நெஞ்சு வலி கண்டு, செங்கல்பட்டுக்கு முன்னால் சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் இறங்கினார். தம்புராவைச் சுருதி சேர்க்கச் சொல்லி, தர்பாரி ராகத்தில் இறைவனைப் பாடியபடியே உயிர் துறந்தார் என்று அவருடைய மாணவர் பரம்பரை சொல்லிவருகிறது. உடல் மீரஜ் நகரில் அடக்கம் செய்யப்பட்டது. தம்புரா செய்வதற்குப் பேர்போன ஊரும் அதுவே.

தமிழ் வாசகருக்கு அவர் இன்னொரு வகையிலும் நெருக்கமானவர். கர்நாடக இசையைப் படித்து, கரஹரப்பிரியாவில் அமைந்த தியாகராஜ கீர்த்தனமொன்றை இசைத்தட்டில் பாடியிருக்கிறார். கயால் விரிவில் சுரப் பெயர்களைச் சொல்லிப் பாடும் சர்கம் என்ற முறையை அவர் தாராளமாகக் கையாண்டதற்கும் தென்னிசைப் பழக்கமே காரணம். நம் கற்பனாசுரத்தின் சாயல் ஓர் இந்துஸ்தானிக் கச்சேரியில் தெரிந்தால் அது தற்செயல் அல்ல.

கயாலுக்கு வெளியே ஆலாபின் நிலை வேறு. துருபத் பாடகர்கள் தபலாவோ பக்காவஜோ இல்லாமல், சொற்பொருள் அற்ற அசைகளில், ஒரு மணி நேரம் வரைகூட ஆலாப் பாடுவார்கள். சிதார், சரோத் கச்சேரிகளிலும் நீண்ட ஆலாப் தாள வாத்தியம் இல்லாமலே நடக்கும். முதலில் காலப்பிரமாணமே இல்லாத பகுதி. பிறகு சீரான நாடித் துடிப்பு வரும் ஜோட். அதன்பின் தந்திகளை வேகமாக மீட்டும் ஜாலா. ஜாலா முடிந்த பின்பே தபலா சேரும். ஆகவே நிகழ்ச்சித் தாளில் சிதார் என்றிருந்தால் முதல் அரை மணி நேரம் தபலாக்காரர் கையைக் கட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை.

4. தாளம்: எண்ணுவது யார்?

கர்நாடகக் கச்சேரியில் தாளத்தைக் கை காட்டுகிறது. பாடகர் தொடையில் தட்டுகிறார். முன்வரிசையில் இருப்பவர்களும் தட்டுகிறார்கள். மிருதங்கத்துக்கு இன்ன தாளத்துக்கு இன்ன சொற்கட்டுத்தான் என்ற கட்டாயம் இல்லை. பாட்டின் போக்குக்கேற்ப வாசிக்கும். இந்துஸ்தானியில் இது தலைகீழ். பாடகரின் கை ராகத்தின் வளைவுகளைக் காற்றில் வரைந்துகொண்டிருக்கும். தாளத்தைக் காட்டுவது தபலாவின் பொறுப்பு. ஒவ்வொரு தாளத்துக்கும் நிலையான ஒரு சொல்வரிசை உண்டு, அது தேகா. தபலாக்காரர் அந்தத் தேகாவைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். வட்டத்தின் எந்த இடத்தில் பாட்டு நிற்கிறது என்பதை அதைக் கேட்டே அறிய வேண்டும்.

மெதுவான கயாலுக்கு மிகவும் வழக்கமான தாளம் ஏக்தால், 12 மாத்திரை. தேகா இதுதான்:

தின், தின், தாகே, திரகிட, தூ, நா, கத், தா, தாகே, திரகிட, தின், நா.

விலம்பித் என்னும் மந்த காலத்தில் ஒரு மாத்திரைக்கு ஏறத்தாழ நான்கு விநாடி போகும். அப்படியானால் ஒரு வட்டம் 48 விநாடி. கையால் எண்ணிக்கொண்டிருக்க இது மிகவும் நீளம். எண்ணினால் பாட்டைக் கேட்க முடியாது. அதற்குப் பதிலாக ‘திரகிட’வைக் கேட்க வேண்டும். வட்டத்தில் அது இரண்டு இடங்களில் வருகிறது, 4ஆம் மாத்திரையிலும் 10ஆம் மாத்திரையிலும். மற்ற இடங்களெல்லாம் நிதானமாக நடக்க, அந்த இரண்டு இடங்களில் மட்டும் விரல்கள் கலகலவென்று ஓடும். முதல் திரகிடவுக்குப் பிறகு வருபவை கனமில்லாத தட்டுகள். இரண்டாவதற்குப் பிறகு இடக்கை வாத்தியமான பாயாவின் ஆழ்ந்த ஒலியோடு ‘தின்’ விழும். அதைக் கேட்டவுடன் வட்டம் முடிய எட்டு விநாடிக்கும் குறைவான நேரமே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இந்த நேரத்தில் பாடகர் அலைந்துகொண்டிருந்த சஞ்சாரத்தை விட்டுப் பந்திஷின் முதற் சொற்களை எடுப்பார். இந்தத் துண்டுக்குப் பெயர் முக்டா. அதன் முக்கியமான அசை அடுத்த வட்டத்தின் முதல் மாத்திரையில் சரியாக விழ வேண்டும். அந்த முதல் மாத்திரைதான் சம். பாடகரும் தபலாவும் அங்கே ஒன்றாக இறங்குவார்கள். அவையில் பழகியவர்களின் தலைகள் ஒரே சமயத்தில் அசையும், ‘வாஹ்’ என்ற குரலும் எழும். தொடர்ந்து தொடையில் தட்டிக்கொண்டிருப்பது அங்கே வழக்கமில்லை. சம்மில் ஒரு தலையசைப்புப் போதும்.

சம் தவறினால் அதையும் கேட்டறியலாம். முக்டாவைப் பிந்தி எடுத்த பாடகர் சொற்களை நெருக்கி ஓட்டுவார், அல்லது முக்கிய அசை விழுவதற்கு முன்பே தபலாவின் ‘தின்’ விழுந்துவிடும். சில சமயம் பாடகர் தபலாக்காரரை நோக்கிக் கையைக் கீழே இறக்கிக் காட்டுவார். லயம் ஏறிவிட்டது, நிதானப்படுத்து என்பது அதன் பொருள். பழுத்த கலைஞர்களின் மேடையிலும் இது நடக்கும்.

முக்கால் மணி நேரம் போன பிறகு விலம்பித் முடிந்து, அதே ராகத்தில் வேறொரு சிறு பந்திஷ் துரித காலத்தில் தொடங்கும். இது த்ருத் கயால். பெரும்பாலும் தீன்தால், 16 மாத்திரை, நான்கு நான்காக:

தா, தின், தின், தா. தா, தின், தின், தா. தா, தின், தின், நா. நா, தின், தின், தா.

எழுத்தில் ஒன்றாகத் தெரியும் ‘தின்’ ஒலியில் இரண்டு வகை. ஒன்றில் பாயாவின் கனம் சேர்ந்திருக்கும், மற்றதில் சேராது. 9ஆம் மாத்திரைக்குக் காலி என்று பெயர். கையால் காட்டினால் அங்கே தட்டாமல் விரலை வீசிக் காட்டுவார்கள். 10ஆம் மாத்திரை முதல் 13 வரை பாயா மௌனமாகும். வலக்கையின் மெல்லிய ஒலி மட்டும் கேட்கும். 14ஆம் மாத்திரையில் பாயா திரும்பி வரும். அங்கிருந்து மூன்றாவது மாத்திரையில் சம். ஒரு நிமிடத்துக்கு 200 மாத்திரை என்ற வேகத்தில் முழு வட்டமும் ஐந்து விநாடிக்குள் முடிந்துவிடும். அந்த வேகத்தில் எண்ணுவது இயலாது. பாயா மறைந்து மீள்வதை மட்டும் கேட்டால் சம் தவறாது.

இந்தக் கட்டத்தில்தான் தான் எனப்படும் வேகமான சுரக் கோவைகள் பொழியும். அவற்றின் முடிவில் திஹாய் வரும். ஒரு சொற்கட்டை மூன்று முறை சொல்லி, மூன்றாவதன் கடைசித் தட்டைச் சம்மில் போடுவது அது. நம் மிருதங்கத் தீர்மானத்தை அறிந்தவருக்கு இது புதிதல்ல. தீன்தாலில் எளிய கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். சம்மில் தொடங்கி அடுத்த சம்மில் முடிக்க வேண்டும். அந்தச் சம்மையும் சேர்த்து எண்ணினால் 17. ஐந்து மாத்திரைச் சொற்கட்டு, ஒரு மாத்திரை இடைவெளி, மறுபடி ஐந்து, ஒன்று, ஐந்து. கூட்டினால் 17. முதல் முறை 5ஆம் மாத்திரையிலும், இரண்டாம் முறை 11ஆம் மாத்திரையிலும், மூன்றாம் முறை சம்மிலும் முடியும். பாயா இல்லாத பகுதியில் இரண்டாவது முறை முடிவதும், பாயா மீண்ட வேகத்தில் மூன்றாவது முறை சம்மை நோக்கி ஓடுவதும் சேர்ந்துதான் அவையை நிமிர்ந்து உட்கார வைக்கின்றன.

இந்த வழிகாட்டல் எல்லாத் தாளங்களுக்கும் பொருந்தாது. ஏழு மாத்திரை ரூபக் தாளத்தில் சம்மே பாயா இல்லாமல்தான் விழுகிறது. கனம் 4ஆம் மாத்திரையில் வருகிறது. தீன்தாலில் பழகிய செவி அங்கே 4ஆம் மாத்திரையைச் சம் என்று எண்ணிவிடும். உஸ்தாத் அமீர் கான் விரும்பிய 14 மாத்திரை ஜூம்ராவின் விலம்பித் வட்டம் ஏக்தாலைவிடவும் நீளமானது. முதல் கச்சேரியில் ஏக்தாலும் தீன்தாலும் பிடிபட்டால் அது போதிய தொடக்கம்.

5. நேரமும் முடிவும்

இந்துஸ்தானி ராகங்களுக்கு நாளின் வேளைகள் உண்டு. யமன் முன்னிரவுக்கு, பைரவ் விடியலுக்கு. மால்கௌன்ஸ் நள்ளிரவுக்குப் பிந்திய ராகம். கொழும்பில் மாலை ஆறரைக்குத் தொடங்கும் கச்சேரி அந்த வேளை வரை நீளாது. ஆகவே மால்கௌன்ஸ் எட்டரை, ஒன்பது மணிக்கே பாடப்படும். இந்தியாவிலும் நிலைமை மாறிவிட்டது. அப்துல் கரீம் கானின் மாணவர் சவாய் கந்தர்வா. அவர் நினைவாக அவருடைய மாணவர் பீம்சேன் ஜோஷி 1953இல் புனேயில் தொடங்கிய விழா நெடுங்காலம் விடிய விடிய நடந்தது. இரவு பத்து மணிக்குப் பின் ஒலிபெருக்கிக்குத் தடை வந்த பிறகு அந்த இரவுகள் சுருங்கின. பின்னிரவு ராகங்களை அவற்றின் வேளையில் கேட்கும் வாய்ப்பும் அவற்றோடு அருகியது.

மால்கௌன்ஸ் பாடப்படும்போது கவனிக்க இன்னொன்று உண்டு. ஐந்து சுரங்களில் நிஷாதத்தை மட்டும் காகலியாக உயர்த்தினால் ராகம் சந்திரகௌன்ஸ் ஆகிவிடும். தார ஸட்ஜத்தை நெருங்கும் வேகமான தானில் நிஷாதம் சற்று ஏறிவிட்டால் அந்தச் சாயல் ஒரு கணம் தட்டும். தேர்ந்த பாடகர் வேகத்திலும் நிஷாதத்தைத் தாழ்த்தியே வைப்பார். விலம்பித்தில் அவர் நிஷாதத்தில் நின்ற இடத்தைச் செவியில் வைத்திருந்தால், த்ருத்தில் அதே இடம் காக்கப்படுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பெரிய ராகம் முடிந்த பிறகு பாடகர் துமிரியோ பஜனையோ பாடுவார். நம் கச்சேரியில் துக்கடா வரும் இடம் அது. கடைசியாக வருவது பெரும்பாலும் பைரவி. நம் தோடியின் சுரங்களைக் கொண்ட இந்த ராகம் காலை வேளைக்குரியது. இரவு முழுதும் நடந்த கச்சேரிகள் விடியும்போது அதைப் பாடியே முடிந்தன. இன்று இரவு ஒன்பதரைக்கு முடியும் கச்சேரியிலும் அந்த வழக்கம் நிலைத்திருக்கிறது. துமிரியில் பைரவிக்கு வெளியே உள்ள சுரங்களையும் பாடகர் உரிமையோடு தொடுவார். அது பிழையல்ல, அந்த வகைக்கு உரிய சலுகை. அப்துல் கரீம் கானின் குரலில் யமுனைக் கரையைப் பாடும் பைரவித் துமிரி பழைய இசைத்தட்டில் மூன்று நிமிடத்துக்குள் அடங்கியிருக்கிறது. கச்சேரிக்குப் போகுமுன் அதை ஒருமுறை கேட்டுவைத்தவருக்கு அரங்கில் பைரவி எடுக்கப்படும்போது அது உடனே தெரியும். அதற்குப் பிறகு வேறு ராகம் இல்லை என்பதும் தெரியும்.